எல்லா வரியும் முடிந்த மாதம்

அவளை அலுவலகத்தில் எல்லோரும் டிக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளிகூட அவள் இல்லாதபோது அப்படித்தான் சொல்வார். தண்ணீர் மோட்டாரும் அதன் உதிரி பாகங்களும் வாங்கி விற்கும் சின்ன நிறுவனம் அது. முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் தகரக் கூரை போட்ட குடோன், நடுவில் லாரி திரும்பும் அளவுக்கு ஒரு சிமெண்ட் முற்றம். கணக்குப் பிரிவு என்று பெரிதாகச் சொல்லிக்கொண்டாலும் ஆள் மூன்றே பேர். வாங்கிய சரக்குக்கு வரும் பில்களைப் பார்ப்பவர் மீசைக்காரர். விற்பனை பில் போடுபவள் சின்னவள். வயதில் ஒன்றும் சின்னவள் இல்லை, இரண்டு பிள்ளை பெற்றவள். வேலைக்குக் கடைசியாகச் சேர்ந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இவர்கள் இரண்டு பேருக்கும் மேலே டிக்கக்கா.

அவள் வந்து சேர்ந்த காலத்தில் அங்கே மாதக் கடைசி என்றால் ரகளை. போன மாதம் அனுப்பிய சரக்குக்கு இந்த மாதம் பில் போடுவார்கள். வந்து இறங்கிய சரக்கு குடோனில் இருக்கும், அதன் பில் யாருடைய மேசை இழுப்பறையிலோ தூங்கும். ஒரே பில்லை இரண்டு தடவை பதிந்து இரண்டு தடவை பணமும் அனுப்பிவிட்டு, அப்புறம் திருப்பிக் கேட்டுக் கெஞ்சுவார்கள். கணக்கு முடியவே அடுத்த மாதம் பாதி ஓடிவிடும்.

அவள்தான் ஒரு பட்டியல் போட்டாள். குடோனிலிருந்து வெளியே போன ஒவ்வொரு டெலிவரி சீட்டுக்கும் பில் இருக்கிறதா, அதுவும் அதே மாதத் தேதியில். பில் எண்கள் விட்டுப்போகாமல் வரிசையாக இருக்கின்றனவா, நடுவில் ஒன்று இல்லையென்றால் அது ஏன் ரத்தானது. வாடிக்கையாளர் திருப்பித் தந்ததைக் கழித்தாயிற்றா. வாங்கும் பக்கம் வந்தால், ஆர்டரும் வந்து இறங்கிய எண்ணிக்கையும் பில்லும் மூன்றும் ஒத்துப்போகின்றனவா. சரக்கு வந்து பில் வராதவற்றுக்கு உத்தேசத் தொகை வைத்தாயிற்றா. நாம் திருப்பி அனுப்பியதன் தொகையைக் கழிக்கப் பற்றுக் குறிப்பு போட்டாயிற்றா. சரக்கு கொடுப்பவர்கள் அனுப்பும் கணக்கு விவரத்தோடு நம் கணக்கை ஒப்பிட்டாயிற்றா. எல்லாம் ஆன பிறகுதான் கணினியில் அந்த மாதத்தைப் பூட்ட வேண்டும். பூட்டிய மாதத்தில் யாரும் கை வைக்க முடியாது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். முடிந்ததும் பச்சைப் பேனாவால் டிக். ஆரம்பத்தில் மீசைக்காரர் முனகினார்.

"பள்ளிக்கூடத்துலகூட எனக்கு இவ்வளவு டிக் விழுந்ததில்லைக்கா."

"விழுந்திருந்தா நீங்க இங்க ஏன் வந்து மாட்டிக்கப்போறீங்க?" என்றாள் அவள்.

ஆனால் பட்டியல் வேலை செய்தது. இரண்டு வாரம் இழுத்தது ஒரு வாரமாகி, பிறகு ஐந்து நாளானது. முதலாளி வெளியாட்களிடம் அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டார். வீட்டில் அவள் கணவன், அச்சகத்தில் வேலை பார்த்தவன், கடைக்குப் போய் வந்ததும் பையை அவள் முன் வைத்து, "சரிபார்த்து டிக் போடும்மா, அப்பதான் எனக்குக் காப்பி" என்பான். அவளும் சிரித்துக்கொண்டே காற்றில் ஒரு டிக் போடுவாள். அந்தப் பெயரில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வம் இருந்தது.

குடோனைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் பூட்டண்ணன் என்பார்கள். பூட்டைப் போட்டு இழுத்துப் பார்ப்பார், நாலடி நடப்பார், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். அதிகம் பேசமாட்டார். ஒரே மகன், வெளியூரில் கட்டட வரைபட வேலை கற்றுக்கொண்டிருந்தான். அவனைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார். டிக்கக்காவும் அவரும் அத்தனை வருஷத்தில் முகம் சுளித்துப் பேசியதில்லை.

ஒரு மாதம் முதலாளி அவளைக் கூப்பிட்டார். வங்கியில் கடன் வரம்பை உயர்த்தக் கேட்டிருந்தார். மாதக் கணக்கை மூன்றே நாளில் கேட்கிறார்கள் என்றார்.

"முடியுமா உங்களால?"

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பார்த்துக்கறேன் சார்" என்றாள்.

மூவரும் மாங்கு மாங்கென்று உழைத்தார்கள். விற்பனைப் பக்கம் சின்னவள் சீக்கிரமே கரையேறிவிட்டாள். வாங்கும் பக்கம் ஒரே ஒரு வரி மட்டும் இழுத்தது. மோட்டார் தயாரித்துக் கொடுக்கும் பெரிய கம்பெனியிலிருந்து கணக்கு விவரம் வரவில்லை. அங்கே அதை அனுப்பும் ஆள் விடுப்பில் போயிருந்தான்.

"என்னக்கா பண்றது? காத்திருக்கறதா?" என்று மீசைக்காரர் கேட்டார்.

அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அந்தக் கம்பெனியோடு வருஷக்கணக்கில் ஒரு வித்தியாசமும் வந்ததில்லை. "வழக்கமா சரியாதானே இருக்கும். அடுத்த மாசம் சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்று சொல்லி, பச்சைப் பேனாவை எடுத்துக் கட்டத்தில் டிக் போட்டாள். கை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பிறகு அவளை வாட்டியது அதுதான்.

மாதக் கடைசியில் குடோனில் எண்ணிய சரக்கை முடித்த கணக்கோடு ஒப்பிட்டபோது ஆறு மோட்டார் குறைந்தது தெரியவந்தது. பெரிய மோட்டார், விலை அதிகமானது. முதலாளி எல்லோரையும் தன் அறைக்கு வரச் சொன்னார். பூட்டண்ணன் கதவோரம் நின்றார்.

"ஆறு மோட்டாரும் றெக்கை கட்டிப் பறந்துடுச்சா?" என்றார் முதலாளி.

"சார், அந்த ஆறும் உள்ள காயில் கம்பி எரிஞ்சு வந்தது. கம்பெனி லாரி சரக்கு இறக்க வந்தப்ப அதுலயே திருப்பி ஏத்திவிட்டுட்டேன். டிரைவர்கிட்ட கையெழுத்து வாங்கி, கணக்குப் பிரிவுல தாள் போடற தட்டுல வெச்சேன்."

"ரிட்டர்ன் புக்ல எழுதினீங்களா? நகல் எங்க?"

"புக்கு தீர்ந்துபோச்சு சார். புதுசு கேட்டிருந்தேன். அதனால வெள்ளைத் தாள்லதான் எழுதினேன். நகல் எடுக்கல."

புது ரிட்டர்ன் புத்தகம் அச்சடிக்கக் கேட்ட விண்ணப்பம் டிக்கக்காவின் மேசையில்தான் கிடந்தது. வங்கி வேலை முடியட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தாள். அவள் தலை குனிந்துகொண்டாள், ஆனால் வாய் திறக்கவில்லை. தட்டைக் கவிழ்த்துத் தேடினார்கள். தாள் கிடைக்கவில்லை.

முதலாளி அங்கேயே கம்பெனியின் விற்பனை ஆளுக்குப் போன் போட்டார். அவன் புதியவன். "எனக்கு அப்படி எதுவும் தெரியலையே சார், விசாரிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான். திருப்பிக் கூப்பிடவேயில்லை.

போனை வைத்துவிட்டு முதலாளி டிக்கக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. கணக்குல ஏதாவது விட்டுப்போயிருக்க வாய்ப்பு இருக்கா?"

பூட்டண்ணன் அவளைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை இல்லை. தெரிந்தவர் தெரிந்ததைச் சொல்வார் என்று நம்பிக் காத்திருக்கும் பார்வை.

"எல்லா வரியும் முடிச்சாச்சு சார்" என்றாள் அவள்.

பொய் சொல்கிறோம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. அவள் தன் பட்டியலை அவ்வளவு நம்பினாள்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "போலீசுக்கெல்லாம் போக வேண்டாம். மாசா மாசம் சம்பளத்துல பிடிச்சுக்கறேன். வேலையைப் பாருங்க" என்றார். தாராள மனசோடுதான் சொன்னார். பூட்டண்ணன் வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் சாவிக் கொத்து. அதை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தார்.

"பிடிச்சுக்கிட்டா நான் எடுத்தேன்னு ஆயிடும் சார்" என்றார். அவ்வளவுதான். முற்றத்தைத் தாண்டி நடந்து போனார். சுமை தூக்குபவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த மாதம் கம்பெனியின் கணக்கு விவரம் வந்தது. ஒரு வித்தியாசம் இருந்தது. நம் புத்தகப்படி நாம் அதிகம் தர வேண்டும், அவர்கள் விவரப்படி குறைவாகத் தந்தால் போதும். மீசைக்காரர், "ஏதோ தேதிக் குழப்பம், தானா சரியாகும்" என்று ஓரத்தில் எழுதி வைத்தார். அதற்கும் அடுத்த மாதமும் அதே தொகை, காசு பிசகாமல் அப்படியே நின்றது. தேதிக் குழப்பம் என்றால் தொகை மாற வேண்டும். இது பாறை மாதிரி அசையாமல் கிடந்தது.

டிக்கக்கா அந்த விவரத்தைத் தன் மேசைக்கு வாங்கிக்கொண்டாள். அந்தத் தொகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரிய மோட்டாரின் விலையை வரியோடு எடுத்து, தொகையை அதால் வகுத்தாள். மீதியில்லாமல் ஆறு வந்தது.

கம்பெனிக்கு அவளே போன் போட்டாள். விடுப்பிலிருந்து திரும்பியிருந்த ஆள் நிமிஷத்தில் எடுத்துச் சொன்னான். "ஆமாங்க, ஆறு மோட்டார் ரிட்டர்ன் வந்துச்சே. அந்த மாசமே உங்க கணக்குல கழிச்சு, கழிவுக் குறிப்பும் அனுப்பிட்டோமே." எந்த முகவரிக்கு என்று கேட்டாள். வேலையை விட்டுப் போய் வெகுநாளான ஒருவரின் மின்னஞ்சல் முகவரியைச் சொன்னான். அதை யாரும் திறப்பதில்லை.

அவன் விடுப்பு முடிந்து வர இன்னும் இரண்டு நாள் காத்திருந்து அந்த மாத விவரத்தைக் கேட்டு வாங்கியிருந்தால், அந்த வரி அதில் இருந்திருக்கும்.

மீசைக்காரர் அவள் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அக்கா, இப்ப ஒரு பற்றுக் குறிப்பு போட்டு, குறைஞ்ச சரக்குன்னு நஷ்டத்துல எழுதினதைத் திருப்பிட்டா கணக்கு நேராயிடும். யாரும் கேக்கப்போறதில்ல. அவரும் போயிட்டாரு. எதுக்குக் கிளறணும்?"

"கணக்கு நேராயிடும்" என்றாள் அவள். எழுந்து முதலாளி அறைக்குப் போனாள்.

முதலாளி முழுதும் கேட்டார். "புது ஆளைப் போட்டாச்சேம்மா" என்றார் முதலில். பிறகு, "அவர் வந்தா நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார். தானே போகிறேன் என்று அவர் சொல்லவில்லை.

மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றைப் படுக்கையறை வீடு அது. கதவைத் திறந்தது பூட்டண்ணனின் மனைவி. யாரென்று தெரிந்ததும் வழிவிடாமல் நின்றாள்.

"இன்னும் எதாவது குறையுதா?" என்று கேட்டாள்.

"உள்ள வரச் சொல்லு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் மின்விசிறி ஒன்றைக் கழற்றிப் பழைய செய்தித்தாள்மேல் பரப்பிவைத்திருந்தார். பழைய இரும்புக் கடையில் எடை போடும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். நாள் முழுக்க வெயிலில் நின்று கறுத்திருந்தார்.

டிக்கக்கா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். விவரம் வராமலே டிக் போட்டதை, ரிட்டர்ன் புத்தகம் கேட்ட விண்ணப்பம் தன் மேசையில் தூங்கியதை, எல்லா வரியும் முடிந்தது என்று சொன்னதை.  அவர் கையிலிருந்த திருகாணியை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப ஆறும் போய்ச் சேர்ந்துடுச்சு" என்றார் கடைசியில்.

"சேர்ந்துடுச்சு அண்ணா. திரும்ப வந்துடுங்க. சார் சொல்லச் சொன்னார்."

அவர் தலையசைத்தார். வர முடியாது என்பதற்கான அசைவு அது.

மனைவிதான் பேசினாள். "அந்த வாரம் பையன் வீட்டுக்கு வந்திருந்தான். உங்க குடோன்ல மூட்டை தூக்கறவன் ஒருத்தன் கடைத்தெருவுல அவன்கிட்ட சொல்லியிருக்கான். வந்தவன் செருப்பைக்கூடக் கழட்டல. நீ எடுத்தியாப்பான்னு கேட்டான். இவரு பதிலே சொல்லல. அவன் அன்னைக்கே பஸ் ஏறிட்டான். அதுக்கப்புறம் வீட்டுப் பக்கம் வரல."

"அவன் நம்பர் குடுங்கண்ணா, நானே பேசி நடந்ததைச் சொல்லிடறேன்."

"வேணாம்" என்றார் அவர். முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "அவனுக்கு நீங்க சொல்லித்தான் தெரியணுமா? என்கூட இருபது வருஷம் இருந்தவன்."

பிறகு அடங்கிய குரலில், "குடோன்ல இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க. அது போதும்" என்றார்.

அவள் சொன்னாள். மறுநாள் காலை சரக்கு ஏற்றுமுன் முற்றத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, பூட்டண்ணன் எதையும் எடுக்கவில்லை, மோட்டார் திருடே போகவில்லை, தவறு கணக்குப் பிரிவுடையது, அதுவும் தன்னுடையது என்று உரக்கச் சொன்னாள். வெயிலில் கண் கூசியது. ஆனால் மூட்டை தூக்குபவர்களில் பாதிப் பேர் புது முகங்கள். கடைத்தெருவில் பேசியவன் வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டிருந்தான். புதிய குடோன்காரர் சின்னவளிடம், "யாருங்க அவரு?" என்று கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது. பேச்சு எந்த வழியாகப் போயிருந்ததோ, அந்த வழியெல்லாம் அவளால் திரும்ப நடக்க முடியவில்லை.

அதன் பிறகு அவள் பட்டியலை மாற்றினாள். டிக் ஒழிந்தது. ஒவ்வொரு வரிக்கும் யார் பார்த்தார், எதை வைத்துப் பார்த்தார் என்று எழுதி, அதற்கான தாளை இணைக்க வேண்டும். விவரம் வரவில்லையென்றால் 'வரவில்லை' என்றே எழுத வேண்டும். யார் வாங்கித் தர வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று தனித் தாளில் ஏறும். ஒரே தொகை இரண்டு மாதம் அசையாமல் நின்றால் அதை அவளே பார்ப்பாள். ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மாதத்தைப் பூட்டும்போது முடியாதது எது என்பதை முதலாளிக்கு வாயால் சொல்ல வேண்டும். கணக்கு முடிய மறுபடியும் ஐந்து நாளாயிற்று. முதலாளி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

டிக்கக்கா என்று கூப்பிடுவதை அவள் தடுக்கவில்லை. பெயர்க் காரணம் தெரியாத புதியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். வீட்டில் கணவன் கடைப் பையை நீட்டியபோது ஒருநாள், "அந்த விளையாட்டு வேண்டாங்க" என்றாள். அவன் ஏனென்று கேட்காமல் விட்டுவிட்டான்.

வருஷங்கள் ஓடின. ஒரு மாதக் கடைசியில், வாசலில் ஓர் ஆள் உள்ளே வராமல் நிற்பதாகச் சின்னவள் வந்து சொன்னாள். டிக்கக்கா வெளியே வந்தாள். நெற்றியும் நிற்கிற விதமும் அப்படியே பூட்டண்ணன், பார்த்ததுமே யாரென்று புரிந்துவிட்டது. முற்றத்தில் கால் வைக்காமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தான்.

"அப்பா இங்க வேலை பார்த்ததுக்குச் சான்றிதழ் ஒண்ணு வேணுங்க. அம்மாவுக்கு உதவித்தொகைக்கு எழுதறோம்." தயங்கினான். "குடுப்பீங்களான்னு தெரியல."

"அப்பா?"

"போன மழைக்காலத்துல தவறிட்டாருங்க."

அவள் கேட்டைத் தாண்டி அவனருகே போனாள். அவனை உள்ளே அழைத்துவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். சான்றிதழைத் தானே தட்டச்சு செய்தாள். நன்னடத்தையோடு பணிபுரிந்தார் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். வேண்டாம் என்று அவர் சொன்னது நினைவில் இருந்தது. வேண்டாம் என்று சொன்னவர் இப்போது இல்லை. சொல்வது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் நடந்ததைச் சொன்னாள்.

அவன் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"இது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நானே வீட்டுக்கு வந்து சொன்னேன். மூணு மாசத்துலயே."

"மூணு மாசத்துலயா?" அவன் முகம் மாறியது. "அப்புறம் எவ்வளவோ தடவை போன்ல பேசியிருக்கோம். எனக்குக் கல்யாணம் ஆச்சு, குழந்தை பொறந்துச்சு, அவர் வந்துட்டுப் போனாரு. அம்மாவும் சொல்லல. நான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், இன்னைக்காவது எடுக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டாரான்னு."

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு தம்பி" என்றாள் அவள். சொன்ன மறுகணமே சொல்லியிருக்க வேண்டாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் கோபப்படவில்லை. "ஒரு தடவை கேட்டேனே" என்றான் மெதுவாக.

முதலாளியின் கையெழுத்து வாங்கி முத்திரை குத்திச் சான்றிதழை உறையில் போட்டுக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். போகும்போது முற்றத்தின் நடுவில் நின்று, திறந்திருந்த குடோனுக்குள் வரிசையாக அடுக்கியிருந்த பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டைத் தாண்டிப் போனான்.

மீசைக்காரர், மீசை முழுக்க நரைத்துப்போனவர், அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, எல்லாம் ஒத்துப்போச்சு. மாசத்தைப் பூட்டிடலாமா?"

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போனாள்.